மோசமான மாற்றத்தை ஏற்கும் வரியை நீக்கலாமா? (வான் விநியோகப் பாதை, திருகோணமலை)

கேள்வி

வணக்கம். எங்கள் களஞ்சியத்திலிருந்து ஒரு வான் நிலாவெளி, சீனன்குடா, கிண்ணியா ஆகிய பக்கங்களில் உள்ள 22 கடைகளுக்குச் சரக்கு இறக்குகிறது. ஒரு கடையை வரிசையிலிருந்து எடுத்து வேறிடத்தில் செருகிப் பார்த்து, பாதை நீண்டாலும் சிலவேளை அதை ஏற்கும் சிமுலேட்டட் அனீலிங் நிரலை எழுதியுள்ளேன்.

```
if delta < 0 or random.random() < math.exp(-delta / T):
    route = new
T = T * 0.999
```

தூரம் கிலோமீற்றரில் உள்ளது, delta என்பது பாதை நீளும் அளவு, வெப்பநிலை T 50 இல் தொடங்குகிறது, 3,000 சுற்றுகள். இறுதியில் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு விடை, 131 கி.மீ. அளவில் வருகிறது. `or` பகுதியை நீக்கினால் 148 இல் நின்றுவிடுகிறது. சாரதி கையால் போட்ட பாதையோ 117 தான். நீளும் பாதையை ஏன் ஏற்க வேண்டும்?

பதில் 1

நேர்கோட்டுத் தூரத்தை எடுத்திருப்பீர்கள். கொட்டியாரக் குடாவுக்குக் குறுக்கே வான் ஓடாது. வீதித் தூரத்தைக் கொடுங்கள், சரியாகிவிடும்.

கேட்டவர்

வீதித் தூரத்தையே கொடுத்துள்ளேன், அண்ணா.

பதில் 2

அந்த வரியை நீக்க வேண்டாம், தம்பி. 148 இல் நின்ற பாதையை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். நிலாவெளிக்கு அப்பால் அருகருகே உள்ள இரண்டு கடைகள் நாளின் கடைசியில் தனிப் பயணமாக நிற்கின்றனவா?

கேட்டவர்

ஆம், அப்படியே உள்ளது. நிலாவெளியின் கடைசிக் கடையிலிருந்து அவை 4 கி.மீ. தள்ளி இருக்கின்றன.

பதில் 2

அதுதான் பொறி. அவற்றில் ஒன்றை மட்டும் காலைப் பயணத்துக்கு மாற்றினால் போக 4, வர 4 என 8 கி.மீ. கூடுகிறது, மற்றக் கடைக்காக மாலையில் எப்படியும் போக வேண்டியிருப்பதால் மிச்சம் ஏதுமில்லை. இரண்டாவதையும் மாற்றினால் மாலைப் பயணம் முழுவதும், அதாவது 30 கி.மீ.க்கு மேல், இல்லாமற் போகும். முதலில் 8 ஐத் தாங்காமல் அந்த 30 ஐப் பெற வழியில்லை. T 10 ஆக இருக்கும்போது 8 கி.மீ. நட்டத்தை ஏற்கும் வாய்ப்பு 45 சதவீதம், 2 இல் அது 2 சதவீதத்துக்கும் குறைவு, 0.5 இல் நடக்காது என்றே கொள்ளலாம். ஆகவே பெரிய அமைப்பு சூட்டில் தீர்மானமாகிறது, தெருவளவு திருத்தம் குளிரில் நடக்கிறது.

உங்கள் பிழை வேறிடத்தில் உள்ளது. 3,000 சுற்றுகளுக்குப் பிறகும் T ஏறக்குறைய 2.5. அந்நிலையில் 2 கி.மீ. நீளும் மாற்றத்தை நிரல் இன்னும் 45 சதவீத வாய்ப்புடன் ஏற்கிறது. குளிரும் முன்பே நிறுத்துகிறீர்கள். T ஐ 10 இல் தொடங்கி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் 500 முயற்சிகள் செய்து, 0.97 ஆல் பெருக்கி, 0.05 வரை இறக்குங்கள். கண்ட மிகக் குறுகிய பாதையைத் தனியே சேமித்து வையுங்கள்.

பதில் 3

நான் பாண் விநியோகம் செய்கிறேன். காலை ஏழு மணிக்குள் சேர வேண்டிய கடைகள் உண்டு. தாமத நிமிடங்களையும் தூரத்தோடு கூட்டினால் T ஐ எந்த அளவில் வைப்பது?

கேட்டவர்

ஐந்து தடவை ஓட்டினேன். மூன்றில் 116.4 வந்தது; இரண்டில் 119. அந்த இரண்டு கடைகளும் ஐந்திலுமே காலைப் பயணத்துக்கு வந்துவிட்டன. 119 இல் நின்றவை கிண்ணியாப் பக்கத்தில் வேறுபடுகின்றன, ஏனென்று பார்க்கிறேன்.

பதில் 2

அங்கும் இணையாக நகர வேண்டிய கடைகள் இருக்கக்கூடும். இரண்டு மூன்று கடைகளை ஒன்றாக எடுத்துச் செருகும் மாற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாண் விநியோகிப்பவருக்கு: ஒரு நிமிடத் தாமதம் எத்தனை கிலோமீற்றருக்குச் சமம் என்பதை முதலில் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அது தெரியாமல் T ஐச் சொல்ல இயலாது.