கானாடுகாத்தானில் மூன்று பேட்டரி, ஒரு காலை: ட்ரோன் அனுபவங்கள்

ஊர்ப்படக்காரன்:
எங்கள் ஊர் வீடுகளைப் பற்றி ஒரு சின்ன ஆவணப்படம் எடுக்கிறோம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீட்டைத் தரையிலிருந்து எப்படிக் காட்டினாலும் அந்த நீளம் பிடிபடாது. அதற்காகத்தான் ட்ரோன். 249 கிராம், மூன்று பேட்டரி.

பெட்டியில் 31 நிமிடம் என்று போட்டிருக்கும். காற்றில் எனக்கு 22 நிமிடத்துக்கு மேல் கிடைத்ததில்லை. 30 சதவீதத்தில் இறக்கிவிடுவதால் ஷாட்டுக்கு மிஞ்சுவது 15 நிமிடம். அதனால் ஒரு பேட்டரிக்கு மூன்று ஷாட் மட்டும் என்று தாளில் எழுதிக்கொண்டேன். உயரத்தையும் முன்கூட்டியே கணக்குப் போடலாம். என் லென்ஸில் நேர் கீழே பார்த்தால், பறக்கும் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலம் படத்தில் விழும். காலால் அளந்ததில் வீடு 60 மீட்டர். 40 மீட்டர் உயரத்தில் விளிம்போடு விளிம்பாக நிற்கும், 50 மீட்டரில் இரண்டு தெருவும் சேர்ந்து தெரியும். 50 வைத்தேன். முற்றங்கள் வரிசையாகத் திறந்துகொண்டே போனதைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

தவறு மூன்றாவது பேட்டரியில். ஆடி மாதம், மேல்காற்று. ஊருணிக் கரையிலிருந்து கிழக்கே 600 மீட்டர் போனேன், சுகமாகப் போனது. திரும்பும்போது பேட்டரி 38 சதவீதம், திரையில் வேகம் நொடிக்கு 3 மீட்டர். ட்ரோன் நொடிக்கு 10 மீட்டர் பறக்கும், அதில் 7 மீட்டரைக் காற்று தின்றுவிட்டது. அந்த வேகத்தில் வந்து சேரவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். புறப்பட்ட இடத்துக்கு ட்ரோனைத் தானாகத் திரும்ப வைக்கும் RTH பொத்தானை அழுத்தினேன். அது இன்னும் மேலே ஏறியது, மேலே காற்று இன்னும் அதிகம். உடனே அதை நிறுத்தி, தென்னைகளுக்கு மேலே நிற்கும் அளவு வரை இறக்கி, ஸ்போர்ட் மோடில் கொண்டுவந்தேன். தரை தொட்டபோது 14 சதவீதம். அன்றிலிருந்து முதலில் காற்றை எதிர்த்துப் போகிறேன், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

கல்யாண வீடியோ:
250 கிராமுக்குக் கீழே இருந்தால் எந்தச் சட்டமும் கிடையாது அண்ணே, எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம். நான் மண்டபத்துக்குள்ளேயே பறக்க விடுகிறேன். கூடுதல் திறன் பேட்டரி வாங்கிப் போடுங்கள், நேரப் பிரச்சினையே வராது.

பயிற்சி பெற்ற பைலட்:
தம்பி, பாதிதான் சரி. 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை, அதற்கு பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் பதிவு எண் வேண்டும், அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் இடத்தில் அனுமதி இல்லாமல் நானோவும் பறக்கக் கூடாது. பச்சைப் பகுதியில்கூட 120 மீட்டர்தான் உச்சம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது பாதியாகிவிடும். நீங்கள் சொல்கிற பெரிய பேட்டரியைப் போட்டால் எடை 250-ஐத் தாண்டும், அடுத்த வகையான மைக்ரோ ஆகிவிடும். காசுக்குப் படம் எடுக்கிறீர்கள் என்றால் சான்றிதழ் கட்டாயம். இறக்கைக் காப்பு மாட்டினாலும் அதே கதைதான். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

ஊர்ப்படக்காரரே, உங்களிடமும் ஒன்று. 600 மீட்டரில் அந்தச் சின்ன ட்ரோன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. திரையை நம்பி மட்டும் பறந்திருக்கிறீர்கள். பேட்டரிக்கு ஒரு புறப்பாட்டு இடம் என்று மாற்றி, கிழக்குத் தெருவுக்கு நடந்தே போய் அங்கிருந்து ஏற்றியிருந்தால் காற்றுச் சிக்கலே வந்திருக்காது.

ஊர்ப்படக்காரன்:
உண்மைதான் சார். கோபுரத்துக்குப் பின்னால் போன கொஞ்ச நேரத்தில் புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. அடுத்த தடவை இரண்டு இடத்திலிருந்து ஏற்றுகிறேன்.

காரைக்குடிப் பொண்ணு:
எனக்குக் காற்று தொந்தரவு தரவில்லை, மொட்டை மாடிதான். தாழ்வாக ஒரு ஷாட் போனபோது ஓர் ஆச்சி வேட்டியில் பிழிந்து காயவைத்திருந்த வடகத்தின் மேல் தூசி பறந்துவிட்டது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "மேலேருந்து எட்டிப் பாக்குறதுக்கு முந்தி வந்து சொல்லக் கூடாதா ஆத்தா"ன்னு கேட்டாங்க. இப்போதெல்லாம் முதல் நாள் சாயங்காலமே அந்தத் தெரு முழுக்கப் போய் நேரம் சொல்லிவிட்டு வருகிறேன். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள், அந்த மூலையை விட்டுவிட்டேன்.

மதுரைக்காரர்:
என் பேட்டரி தலையணை மாதிரி உப்பிவிட்டது. முழு சார்ஜோடு மே மாத வெயிலில் காருக்குள் வைத்ததுதான் காரணமா? இன்னும் 18 நிமிடம் ஓடுகிறது.

பயிற்சி பெற்ற பைலட்:
ஓடினாலும் ஏற்றாதீர்கள். உப்பிய பேட்டரி கூட்டிலிருந்து நழுவினால் நடுவானில் மின்சாரம் போய்விடும். பறந்து வந்த சூட்டோடு சார்ஜ் போடுவதும், நிறைய நாள் முழு சார்ஜில் வைப்பதும் இதே நிலைக்குத்தான் கொண்டுபோகும்.

ஊர்ப்படக்காரன்:
இன்னொன்று கேட்க வேண்டும். தேர் வரும்போது மேலிருந்து எடுக்க ஆசை. கூட்டத்துக்கு மேலே வேண்டாம் என்று தெரியும். ஊருணித் தண்ணீருக்கு மேலே நிறுத்திப் பக்கவாட்டில் எடுத்தால் போதுமா? அங்கே பருந்துகளும் சுற்றுகின்றன.

காரைக்குடிப் பொண்ணு:
பருந்து வந்தால் நேராக மேலே ஏற்றினேன், விலகிப் போனது. ஒரே ஒரு தடவைதான் நடந்தது, எப்போதும் சரிவருமா தெரியவில்லை. கரையிலும் ஆட்கள் நிற்பார்களே, அதைப் போய்ப் பார்த்தீர்களா?