சிக்கரி டிகாக்‌ஷனில் ரெஃப்ராக்டோமீட்டர் வைத்தவர்கள், உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஜெயநகர்வாசி

ஒரு வருஷமா வி60ல காப்பி போட்டு ரெஃப்ராக்டோமீட்டர்ல பார்த்துட்டு வரேன். சிக்கமகளூர் எஸ்டேட் கொட்டை, சிக்கரி கிடையாது. 15 கிராம் தூள், கோப்பைல இறங்குறது 220 கிராம், டிடிஎஸ், அதாவது காப்பில கரைஞ்சிருக்கறது, 1.30 சதவீதம். 220ஐ 1.30ஆல பெருக்கி 15ஆல வகுத்தா 19.1. தூள்ல நூத்துக்கு 19 பங்கு கோப்பைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். 18க்குக் கீழ போனா புளிக்கும், 22 தாண்டினா கசந்து வாய் வறளும். என் நாக்குக்கும் இந்தக் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.

போன மாசம் அம்மா கும்பகோணத்துல இருந்து வந்தாங்க. பித்தளை பில்டரை எடுத்தோம். காந்தி பஜார்ல அரைச்ச தூள், 80க்கு 20 சிக்கரி. 30 கிராம் தூள், 150 கிராம் கொதிநீர், இறங்கினது 90 கிராம். ஒரு சொட்டு வச்சுப் பார்த்தேன், 9.0. கணக்குப் போட்டா 27! 22ஐ எங்கேயோ தாண்டிடுச்சேன்னு மறுநாள் கொஞ்சம் பருமனா அரைக்கச் சொல்லி வாங்கிட்டு வந்தேன். சீக்கிரம் இறங்கிடுச்சு. 95 கிராம், டிடிஎஸ் 7.2, கணக்கு 22.8. எண்ணைப் பார்த்து எனக்குத் திருப்தி. அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரை மேஜைமேல வச்சாங்க. "என்னடா இது, நிறம் இருக்கு, காப்பியைக் காணோம்"னாங்க.

நானும் குடிச்சேன். அவங்க சொன்னது சரி. எண் நல்லா வந்து ருசி கெட்டது எனக்கு இதுதான் முதல் தடவை. வேற யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

கே.ஆர்.புரம் ரமணி

எங்க வீட்டுலயும் டிடிஎஸ் பிரச்சனைதான். போர்வெல் தண்ணி 600 காட்டுது, ஆர்ஓ போட்டப்புறம் 60. அதே பேனா மீட்டரைக் காப்பிலயும் முக்கிப் பார்த்தேன், ஆயிரக்கணக்குல ஏறிப்போச்சு. காப்பித்தூள்லயே உப்பு கலக்குறாங்களோ?

மத்திகெரே கவிதா

ரமணி அக்கா, பயப்படாதீங்க, உப்பெல்லாம் இல்ல. அந்தப் பேனா தண்ணி வழியா மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு பார்த்துத்தான் எண் சொல்லும். காப்பில கரைஞ்சிருக்கறதுல பெரும்பகுதி மின்சாரத்தைக் கடத்தாது. பொட்டாசியம் மாதிரி கொஞ்சம்தான் கடத்தும், பேனா அதைத்தான் பார்த்திருக்கு. ரெஃப்ராக்டோமீட்டர் ஒளி எவ்வளவு வளையுதுன்னு பார்க்கும். ரெண்டுக்கும் டிடிஎஸ்னே பேர் இருக்கறதால வர குழப்பம் இது. உங்க 600 தண்ணியே ரெஃப்ராக்டோமீட்டர்ல 0.06தான்.

ஜெயநகர்வாசி, உங்க மீட்டர்ல தப்பு இருக்கற மாதிரி தெரியல. 18-22ங்கற அளவு வெறும் காப்பிக்குச் சொன்னது. வறுத்த காப்பில தண்ணில கரையக்கூடியதே மொத்தம் 30 சதவீதம் போலத்தான். சிக்கரி அப்படி இல்ல, பாதிக்கு மேல கரைஞ்சிடும். அதனால 27 வந்துச்சுன்னா காப்பி அதிகமா இறங்கிடுச்சுன்னு முடிவு பண்ண முடியாது.

நான் ஒரு தடவை சிக்கரியை மட்டும் 6 கிராம் எடுத்து 100 கிராம் கொதிநீர்ல ஊறவச்சு வடிகட்டிப் பார்த்தேன். என் மீட்டர்ல 3.3 காட்டுச்சு. உங்க 30 கிராம்ல சிக்கரியும் 6 கிராம்தானே, அதே எண்ணை வச்சுக்குவோம். முதல் நாள் 90 கிராம்ல 9.0, அதாவது 8.1 கிராம் இறங்கியிருக்கு. சிக்கரியோட 3.3 போனா மீதி 4.8. அது 24 கிராம் காப்பில இருந்து வந்தது, 20 சதவீதம். உங்க அம்மா கேட்ட காப்பி அதுதான். ரெண்டாம் நாள் 95ல 7.2, அதாவது 6.8 கிராம். சிக்கரி எவ்வளவு பருமனா இருந்தாலும் சீக்கிரம் கரைஞ்சுடும், அதனால 3.3ஐ அப்படியே கழிச்சா 3.5. அதை 24ஆல வகுத்தா 15கூட வரல. சிக்கரி முழுசா இறங்கி, காப்பி பாதியில நின்னுடுச்சு. நிறம் இருந்து காப்பி இல்லாமப் போனது இதனாலதான்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. பில்டர்ல தூளோட கொஞ்சம் சிக்கரிச் சாறும் தங்கிடும். அதனால இது துல்லியமான கணக்கு இல்ல. ஒரே தூளை ரெண்டு விதமா அரைச்சு ஒப்பிடப் போதும்.

ஹலசூரு செல்வம்

இதுக்கு எதுக்குங்க அவ்வளவு விலைல மீட்டர்? கரும்புச் சாறு பார்க்குற கை பிரிக்ஸ் மீட்டர் போதும். பிரிக்ஸை 0.85ஆல பெருக்கினா டிடிஎஸ். நான் எல்லாத்துக்கும் அதையேதான் வச்சிருக்கேன். வி60, பில்டர், எல்லாம்.

மத்திகெரே கவிதா

செல்வம் சார் சொல்றதுல பாதி சரி. டிகாக்‌ஷனுக்கு அது போதும், நானே சிபாரிசு பண்ணுவேன். அந்த மீட்டர்ல ஒரு கோடு 0.2 பிரிக்ஸ். ஒரு கோடு தப்பாப் படிச்சா டிடிஎஸ்ல 0.17 மாறும். டிகாக்‌ஷன்ல 90 கிராம், 30 கிராம் தூள்னு வச்சா கடைசிக் கணக்கு அரை சதவீதம்தான் நகரும். வி60ல 220 கிராம், 15 கிராம் தூள். அதே ஒரு கோட்டுத் தப்பு ரெண்டரை சதவீதமாயிடும். 18ஆ 20ஆன்னே தெரியாது.

ஹலசூரு செல்வம்

ஓ, இது எனக்குத் தோணல. என் வி60 எண்ணெல்லாம் ஏன் நாளுக்கு நாள் குதிக்குதுன்னு இப்ப புரியுது. ஆனா டிகாக்‌ஷன்லயும் ஒரு தொல்லை இருக்கு. கண்ணு வச்சுப் பார்த்தா நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவுல கோடு தெளிவா விழல, புகை மாதிரி இருக்கு.

ஜெயநகர்வாசி

அது மிதக்குற நுண்தூள் சார். எனக்கும் இருந்துச்சு. இப்ப என்ன பண்றேன்னா, கீழ் டப்பால இறங்கினதை முதல்ல நல்லாக் கலக்கறேன். முதல்ல சொட்டுறது கெட்டியா அடியில நிக்கும், பின்னால வர்றது மேல நிக்கும். கலக்காம மேல இருந்து ஒரு தரம், அடியில இருந்து ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன், 9ங்கற இடத்துல ஒண்ணரை வித்தியாசம் வந்துச்சு. கலக்கினதும் ரெண்டு ஸ்பூன் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தி, மூடி வச்சு, பத்து நிமிஷம் ஆற விடுவேன். மூடலைன்னா ஆவியாப் போய் எண் ஏறும். தூள் அடியில படிஞ்சதும் மேல இருக்கற தெளிஞ்சதை டிராப்பர்ல எடுத்து வைக்கணும். சூடா வச்சா எண் நிக்கவே நிக்காது, ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் வேற காட்டும். ஜீரோ பண்றது காய்ச்சி வடிச்ச தண்ணில, அதுவும் அதே அறைச் சூட்டுல.

கவிதா, நீங்க போட்ட கணக்கைப் பார்த்துட்டு பழைய அரைப்புக்கே போயிட்டேன். 8.9, 91 கிராம். அம்மா ரெண்டாவது டம்ளர் கேட்டாங்க.

கே.ஆர்.புரம் ரமணி

பால், சர்க்கரை கலந்தப்புறம் பார்க்கலாமா? எங்க வீட்டுல அதுக்கு முன்னாடி யாரும் தொட விடமாட்டாங்க.

மத்திகெரே கவிதா

பார்க்க முடியாது அக்கா. சர்க்கரையும் பாலும் ஒளியை வளைக்கும், காப்பியைப் பிரிச்சுச் சொல்ல வழியில்ல. டிகாக்‌ஷன் இறங்கினதும் ரெண்டு ஸ்பூன் தனியா எடுத்து வச்சிடுங்க.

எனக்கே தீராத ஒரு விஷயத்தையும் சொல்லிடறேன். வேலை பார்க்குற லேப்ல அனுமதி வாங்கி, 80-20 டிகாக்‌ஷன் 10 கிராமை 105 டிகிரி அடுப்புல முழுசாக் காய வச்சு எடை போட்டேன். 0.96 கிராம் மிஞ்சுச்சு, அதாவது 9.6. அதே டிகாக்‌ஷனுக்கு மீட்டர் 9.0 காட்டியிருந்துச்சு. மீட்டரோட காப்பி அளவுகோல் சிக்கரியைக் குறைச்சுக் காட்டுதுன்னு நினைக்கறேன். சிக்கரில இருக்கறது பெரும்பாலும் சர்க்கரை இனம், அதுக்கு 0.85ஆல பெருக்கறது பொருந்தாது.

ஹலசூரு செல்வம்

காய வச்சப்போ நுண்தூளும் சேர்ந்து எடைக்கு வந்திருக்குமே? வடிகட்டினீங்களா?

மத்திகெரே கவிதா

காட்டன்ல மட்டும்தான் வடிகட்டினேன். நீங்க கேக்கறது நியாயம். சிரிஞ்ச் பில்டர்ல விட்டு மறுபடி செய்யணும். அப்பவும் 9.6 வந்தா சிக்கரி, 9.0க்கு இறங்கினா தூள். வெறும் காப்பிப் பொடியிலயும் ஒண்ணு காய வச்சுடறேன். ஜெயநகர்வாசி, உங்க காந்தி பஜார் தூள் 50 கிராம் கிடைக்குமா?

ஜெயநகர்வாசி

சனிக்கிழமை கொண்டு வரேன். சிக்கரி கலக்காத பொடியும் அதே மில்லுல அரைச்சு, தனிப் பொட்டலமா.