இரவு லாரிகளும் இரத்த அழுத்தமும்: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி

மல்லிகா_தண்டையார்பேட்டை
என் கணவருக்கு 43 வயது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் விடியும்வரை எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் ஊர்ந்து போகின்றன. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிறோம். இரண்டு முறை பார்த்தபோதும் அவருக்கு இரத்த அழுத்தம் 148/94. மருத்துவர் மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொன்னார். இந்தச் சத்தமும் புகையும்கூட காரணமாக இருக்குமா?

ராயபுரம்_சேகர்
அம்மா, நான் பிறந்ததிலிருந்து இதே சாலையோரத்தில்தான் இருக்கிறேன். எனக்கு 61 வயது. அழுத்தம் சரியாக இருக்கிறது. சத்தம் பழகிவிடும். நம் பக்கத்து வீடுகளில் வாரத்துக்கு நான்கு நாள் கருவாடு, தினமும் ஊறுகாய், அப்பளம். உப்பை விட்டுவிட்டு லாரியைக் குற்றம் சொல்வது வேண்டாம். தெருவே ஒரே சத்தத்தைத்தான் கேட்கிறது. அவருக்கு மட்டும் ஏன் ஏற வேண்டும்?

எண்ணூர்_பாஸ்கரன்
நான் கொதிகலன் பக்கம் 19 ஆண்டு வேலை பார்த்தவன். ஆண்டுதோறும் காது பரிசோதனை நடக்கும். எனக்குக் கேட்கும் திறன் குறையவில்லை. காது நன்றாக இருந்தால் சத்தம் பாதிக்கவில்லை என்றுதான் பொருள். முதலில் அவருக்குக் காதைப் பாருங்கள்.

செவிலி_கலைவாணி
பாஸ்கரன் அண்ணா, நீங்கள் சொல்வது வேறு கணக்கு. காது கெடுவதற்கு நாள் முழுக்க 85 டெசிபெல் அளவில் சத்தம் வேண்டும். இரத்தக் குழாய்க்கு அவ்வளவு தேவையில்லை. குடியிருப்புப் பகுதிக்கு நம் சட்டம் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை அனுமதிப்பதே 45 டெசிபெல்தான்.

நான் இதயப் பிரிவில் 24 மணி நேர அழுத்தக் கருவியைப் பல ஆண்டுகள் கட்டிவிட்டிருக்கிறேன். நன்றாகத் தூங்குகிறவருக்கு இரவு அழுத்தம் பகலைவிட நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு இறங்க வேண்டும். இதயத்துக்கும் குழாய்களுக்கும் கிடைக்கும் ஓய்வு அந்த இறக்கம்தான். லாரி ஏர்பிரேக் அடிக்கும்போது தூங்குகிறவர் கண் விழிக்காமல் இருக்கலாம். ஆனால் காது தூங்குவதில்லை. உடல் அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்கிறது, குழாய்கள் இறுகுகின்றன, சில நிமிடங்களுக்கு அழுத்தம் ஏறுகிறது. 2008இல் ஐரோப்பிய விமான நிலையங்களின் அருகே வசிப்பவர்களுக்குத் தூக்கத்தில் கருவி கட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு விமானச் சத்தத்துக்கும் மேல் அளவு ஏறத்தாழ 6 புள்ளி ஏறியது, தூங்கியவர்களுக்கும் ஏறியது. சாலைச் சத்தத்துக்கும், பக்கத்தில் படுத்தவரின் குறட்டைக்கும் அதேதான் நடந்தது. ஒரே அறையில் ஐந்து பேர் என்று மல்லிகா எழுதியதை நான் கவனித்தது அதனால்தான்.

சேகர் அண்ணா சொல்லும் பழக்கம் மனத்துக்கு வரும். குழாய்க்கு அந்த அளவுக்கு வருவதில்லை.

மல்லிகா, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 24 மணி நேரப் பதிவு எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மணலி_தமிழரசன்
புகையை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். கிழக்குக் காற்று நின்றால் எங்கள் மொட்டை மாடித் துணியில் கருந்தூள் படிகிறது. கண்ணுக்குத் தெரிகிற அந்தத் தூளைவிட, தெரியாத நுண்துகள் மோசம். அது நுரையீரலின் கடைசி அறைவரை போய் அழற்சியை உண்டாக்கும். குழாயின் உள்சுவர் விரியும் தன்மை குறையும். நுண்துகளின் ஆண்டுச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்னது 5. ஆகவே புகைதான் முதல் காரணம், சத்தம் அடுத்தது.

செவிலி_கலைவாணி
நுண்துகள் பற்றி நீங்கள் சொல்வது சரி, தமிழரசன். எது முதல் என்பதில்தான் தயக்கம் எனக்கு. லாரி இரண்டையும் ஒன்றாகவே கொண்டுவருவதால் பிரித்துப் பார்ப்பது கடினம். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. புகையின் பங்கைக் கணக்கில் கழித்த பிறகும் சாலைச் சத்தத்தின் பங்கு நின்றது. இரண்டும் அதிகமாக இருந்தவர்களுக்கே நோய் மிக அதிகம். ஆனால் அந்த ஊர் வீடுகள் மூடிய வீடுகள். நாம் ஜன்னலை மூடினால் சத்தம் நன்றாகக் குறையும், மே மாதத்தில் வெந்துபோவோம்; திறந்தால் சத்தமும் புகையும் சேர்ந்தே உள்ளே வரும். நம் நிலைமையில் எதன் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

ராயபுரம்_சேகர்
என் கேள்விக்குப் பதில் வரவில்லை. தெருவில் எல்லோருக்கும் ஏன் ஏறவில்லை?

செவிலி_கலைவாணி
ஏறுகிறது அண்ணா, எல்லோருக்கும் சில புள்ளிகள். உங்களுக்கு 118 இருக்க வேண்டிய இடத்தில் 122 ஆனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வம்சத்தாலும் உப்பாலும் எடையாலும் ஏற்கெனவே 137இல் நிற்பவருக்கு அதே நான்கு புள்ளி 141 ஆகிவிடும். 140 என்ற கோட்டைத் தாண்டியவர் நோயாளி, தாண்டாதவர் நலமானவர் என்று நாம் பிரித்துவிடுகிறோம். உப்பை நான் மறுக்கவே இல்லை. அவருடைய மருத்துவர் சொன்னது சரிதான்.

மல்லிகா_தண்டையார்பேட்டை
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே 24 மணி நேரக் கருவி கட்டினார்கள். பகல் சராசரி 132/84, இரவு சராசரி 128/80. பகலுக்குப் பரவாயில்லை என்றார் மருத்துவர். இரவு போதவில்லையாம்.

செவிலி_கலைவாணி
இரவுச் சராசரி 120/70க்குக் கீழே இருக்க வேண்டும். 132இலிருந்து 128க்கு நான்கு புள்ளிதான் இறங்கியிருக்கிறது, நூற்றுக்கு மூன்று. பகலில் ஒரு முறை மட்டும் பார்த்திருந்தால் மாத்திரை போதும் என்று முடிவாகியிருக்கும். இரவில் இறங்காத இந்த அழுத்தம்தான் பின்னாளில் பக்கவாதத்துக்கும் இதய வீக்கத்துக்கும் இட்டுச்செல்கிறது.

ராயபுரம்_சேகர்
அதற்கு லாரிதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்தக் கருவியின் பட்டை கையை இறுக்கும்போதெல்லாம் தூக்கம் கெட்டிருக்குமே. இன்னொன்று, அவர் குறட்டை விடுவாரா? என் மைத்துனர் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று எழுவார். அவருக்கும் இரவு அழுத்தம் இறங்கவில்லை என்றுதான் சொன்னார்கள். பெருமூச்சோடு எழுந்து உட்காருவார், பகல் முழுவதும் தூங்கி விழுவார்.

செவிலி_கலைவாணி
இது மிகச் சரியான கேள்வி, நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மூச்சடைப்பு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எல்லாமே இரவு இறக்கத்தைத் தடுக்கும். கருவியே தூக்கத்தைக் கெடுப்பதும் உண்மை. ஒரே ஒரு பதிவை வைத்து லாரிதான் என்று நான் சொல்ல மாட்டேன். மல்லிகா, குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறதா என்று பாருங்கள். சில வாரம் அவர் பின்பக்கம் படுக்கட்டும்; அதே மாத்திரையோடு மறுபடி கட்டிப் பாருங்கள். இரவு அளவு மட்டும் இறங்கினால் சத்தத்தின் மேல் என் சந்தேகம் வலுக்கும். இறங்காவிட்டால் மூச்சைப் பார்க்க வேண்டும்.

மணலி_தமிழரசன்
பின்பக்கம் போனால் சாலைப் புகையும் குறையும். அப்போதும் பிரித்துச் சொல்ல முடியாதே!

செவிலி_கலைவாணி
முடியாது. அவருக்கு அழுத்தம் இறங்கினால் போதும் எனக்கு.

மல்லிகா_தண்டையார்பேட்டை
குறட்டை உண்டு. மூச்சு நிற்கிறதா என்று இரண்டு இரவு விழித்துப் பார்த்தேன். நிற்பதுபோலத் தெரியவில்லை, உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. மாமியாரும் பிள்ளைகளும் முன்னறையிலேயே இருக்க, அவருக்கு மட்டும் சமையலறையில் பாய் போட்டோம். அங்கே லாரி கேட்கவில்லை. நாலு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அடிபம்பு தொடங்குகிறது. மூன்று குடும்பமும் தண்ணீர் பிடிக்கும் நேரம். அவர்களிடம் ஐந்து மணிக்கு மேல் பிடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் 14ஆம் தேதி மறுபடி கருவி கட்டுகிறார்கள்.