'உளப் பாதுகாப்பு' சரிவருமா?

மொழிபெயர்ப்பாளர், கிளிநொச்சி:
வணக்கம். அணித்தலைவர்களுக்கான கைநூலொன்றைத் தமிழாக்குகிறேன். 'சைக்கலொஜிக்கல் சேஃப்டி' என்பதற்கு 'உளப் பாதுகாப்பு' என்று போட்டேன். பணியிட அணிகளை ஆராயும் அமெரிக்கப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999 இல் எழுதிய கட்டுரையில் இதன் பொருள் தெளிவாக இருக்கிறது: தெரியாததைக் கேட்டாலோ பிழையைச் சொன்னாலோ இங்கே யாரும் மட்டந்தட்டமாட்டார்கள் என்று அணியில் உள்ளவர்கள் பொதுவாக நம்புவது. சொல் பொருந்துகிறதா?

கந்தோர் உத்தியோகத்தர், முல்லைத்தீவு:
நல்ல முயற்சி. எங்கட கந்தோரில இரண்டு பேர் போர்க்கால நினைவுகளால நித்திரையில்லாமல் இருக்கினம். உளவளத்துணை எங்க கிடைக்கும் எண்டும் நூலில போடுங்கோ.

ஆசிரியர், வவுனியா:
பார்த்தீர்களா? இங்கே 'உள' என்று தொடங்கினால் அப்படித்தான் விளங்கும். 'நம்பிக்கை' என்ற சொல்லே போதும்.

கண்ணிவெடி அகற்றும் அணியொன்றின் முன்னாள் தலைவர், முகமாலை:
ஐயா, நம்பிக்கை ஓராள் இன்னோராளில வைப்பது. இது முழு அணிக்கும் உரியது. என்னை நம்பின பிள்ளைகளும் மற்றவர்களுக்கு முன்னால் வாய் திறக்கவில்லை.

பின்னேரம் "ஏதும் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் "இல்லை" என்பார்கள். பிறகு கேள்வியை மாற்றினேன்: "இண்டைக்கு உங்கட பாதையில எந்த இடம் சந்தேகமா இருந்தது?" சந்தேகம் இருந்தே தீரும் என்ற மாதிரிக் கேட்டால் சொல்வது இலகு. சில நாள் மௌனம். பிறகு ஒரு தங்கச்சி, வேர் அடர்ந்த ஒரு துண்டை வெயிலில் அவசரமாக முடித்ததாகச் சொன்னா. எல்லாருக்கும் முன்னால் நன்றி சொன்னேன். அடுத்தநாள் அந்தத் துண்டைத் திரும்பத் தோண்டினோம். ஒன்றும் இல்லை. அரைநாள் போனதைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அணி பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். அதற்குப் பிறகு மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்கள்.

மேலிடம் அறிக்கைகளில் சந்தேகங்கள் கூடியதைப் பார்த்து, என் அணி கெட்டுப்போகிறது என்று நினைத்தது! முகக்கவசத்தை உயர்த்தி வேலை செய்தவரை மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்தினேன். தெரிந்தே விதியை மீறுவதற்கு இதில் இடமில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
அண்ணை, எட்மண்ட்சன் வைத்தியசாலைகளில் கண்டதும் இதுதான். நல்ல அணிகளில் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். அப்படியென்றால் 'சொல்லச்சமின்மை' எப்படி?

ஆசிரியர்:
அது தனியாளின் துணிவாகக் கேட்கிறது. பிறகு பேசாதவரைத்தான் குறை சொல்வார்கள். சூழலைச் சொல்லவேண்டும். 'சொல்லேமம்'? ஏமம் என்றால் காவல்.

முன்னாள் தலைவர்:
எங்கட பிள்ளைகளுக்கு அது விளங்காது ஐயா. நான் 'பயமில்லாமச் சொல்லுற இடம்' எண்டுதான் சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளர்:
எட்மண்ட்சனின் கேள்வித்தாளில் ஒரு வரி உண்டு: இந்த அணியில் பிழை விட்டால், அதை அடிக்கடி உங்களுக்கு எதிராகவே பயன்படுத்துவார்கள். இதற்கு ஆம், இல்லை சொல்லச் செய்துவிட்டு, எந்தச் சொல் பொருந்துகிறது என்று ஒரு நெற்களஞ்சிய அணியிடம் கேட்கப்போகிறேன். தலைவரை வெளியே இருக்கச் சொல்லித்தான்.