பஸ் கப்ளரை மூடினால் ஃபால்ட் கரண்ட் எவ்வளவு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், கப்பலூர்

எங்கள் மில்லில் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பல வருடமாக ஓடுகிறது. 11 கே.வி.யை 433 வோல்ட்டாக இறக்குவது, இம்பீடன்ஸ் 5 சதவீதம். போன வருடம் அதே மாதிரி இன்னொன்று வைத்தோம். இரண்டு எல்.டி. பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு பஸ் கப்ளர் உண்டு.

இரண்டில் ஒன்றைப் பராமரிப்புக்கு நிறுத்தும்போது முதலில் கப்ளரை மூடிவிட்டு அப்புறம்தான் அதன் இன்கமரைத் திறப்போம். நடுவில் ஒரு நொடி கரண்ட் போனாலும் ரிங் ஃப்ரேம் எல்லாம் நின்றுவிடும். நூல் அறுந்து, ஒவ்வொரு கதிராகப் பிணைத்து ஓட்டுவதற்குள் அரை ஷிஃப்ட் போய்விடும். ஆகவே அந்த ஒன்றிரண்டு நிமிடம் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் பேரலலில் இருக்கும்.

மின் ஆய்வாளர் அலுவலகத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மூலத்தின் ஷார்ட் சர்க்யூட் எம்.வி.ஏ. 250 என்று பழைய வரைபடத்தில் இருந்தது. அதை வைத்துப் போட்டேன்:

```
1000 kVA, 5%  :  1 / 0.05 = 20 MVA
ஒன்று மட்டும்  :  250 x 20 / (250 + 20) = 18.5 MVA
                18.5 / (1.732 x 0.433) = 24.7 kA
இரண்டும்      :  250 x 40 / (250 + 40) = 34.5 MVA
                34.5 / (1.732 x 0.433) = 46 kA
```

இன்கமர் ஏ.சி.பி. இரண்டும் 50 கிலோ ஆம்பியர், அதில் பயமில்லை. ஆனால் மெயின் பேனலில் இருந்து வெளியே போகும் எம்.சி.சி.பி. பதினான்கும் 36 கிலோ ஆம்பியர்தான். கப்ளர் திறந்திருந்தால் தாங்கும். மூடியிருக்கும்போது பேனல் அருகிலேயே மூன்று ஃபேஸும் சேர்ந்தால் தாங்காது. இத்தனை மாதமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். மூடும் பட்டனுக்கு நேர் முன்னால்தான் எங்கள் ஆள் நிற்பார். அதை நினைத்து இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. இதுமாதிரி யாராவது பார்த்திருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள்?

அரிசி ஆலை, திருமங்கலம்

அண்ணே, நீங்கள் எங்கோ தவறாகப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் இணைப்பு 11 கே.வி. 18.5-ஐ 1.732-ஆலும் 11-ஆலும் வகுத்தால் 972 ஆம்பியர்தான் வருகிறது. ஒரு கிலோ ஆம்பியர்கூட இல்லை. 36 கிலோ ஆம்பியர் பிரேக்கருக்கு இது ஒன்றுமே இல்லையே?

மில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், கப்பலூர்

தம்பி, எம்.வி.ஏ. இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஃபால்ட் எந்தப் பக்கம் நடக்கிறதோ அந்தப் பக்க வோல்ட்டேஜால்தான் வகுக்க வேண்டும். எம்.சி.சி.பி. இருப்பது 433 வோல்ட் பஸ்ஸில். அதனால் அங்கே 24.7 கிலோ ஆம்பியர். அதே ஃபால்ட்டுக்கு 11 கே.வி. பக்கம் ஓடுவது நீங்கள் சொன்ன 972 ஆம்பியர். அந்த எண் வீண் இல்லை, எச்.டி. ரிலே செட்டிங்குக்கு அதுதான் தேவை. எல்.டி.யில் ஷார்ட் ஆனால் எச்.டி. ரிலேக்குத் தெரிவது அவ்வளவுதான்.

கிரானைட் பாலிஷிங் யூனிட், மேலூர்

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். 500 கே.வி.ஏ., இம்பீடன்ஸ் 4.5 சதவீதம். பேனல் ரூமுக்கு ஒரு ஏ.சி. வேண்டும் என்று மெயின் பஸ் பாரிலிருந்தே டேப் எடுத்து, 10 கிலோ ஆம்பியர் என்று போட்ட சாதாரண எம்.சி.பி. ஒன்றை மாட்டியிருந்தார்கள். மழை நாளில் அந்த ஒயரின் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி மூன்று ஃபேஸும் சேர்ந்துவிட்டது. எம்.சி.பி. திறக்கவில்லை, வெடித்தது. உடல் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த ஆர்க் தகடுகள் எதிர்ச் சுவர் வரை தெறித்துக் கிடந்தன. மேலே இருந்த பெரிய எம்.சி.சி.பி. டிரிப் ஆனதால் தீப்பிடிக்கவில்லை. நல்லவேளை, அறையில் யாரும் இல்லை.

பிறகு போட்டுப் பார்த்தால், மூலத்தை 50 எம்.வி.ஏ. என்று குறைவாக வைத்தாலும் பஸ்ஸில் 12 கிலோ ஆம்பியர் வருகிறது. அதே எம்.சி.பி.யை கேபிளில் நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு சின்ன போர்டில் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. அன்றிலிருந்து மெயின் பஸ்ஸில் எதை மாட்டுவதாக இருந்தாலும் முதலில் அதன் மேல் எழுதியிருக்கும் கிலோ ஆம்பியரைத்தான் பார்க்கிறேன்.

பேனல் போர்டு தயாரிப்பு, மதுரை

இவ்வளவு கணக்கு எதற்கு? நாங்கள் மூலத்தைப் பார்ப்பதே இல்லை. ஃபுல் லோடு 1333 ஆம்பியர், அதை 5 சதவீதத்தால் வகுத்தால் 26.7 கிலோ ஆம்பியர். இரண்டு என்றால் 53. மூலம் இதைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. 65 கிலோ ஆம்பியரில் எம்.சி.சி.பி. போடுங்கள், விஷயம் முடிந்தது.

ஓய்வுபெற்ற சப் ஸ்டேஷன் இன்ஜினியர், மதுரை

பேனல்காரர் சொல்வதில் பாதி சரி. புதுப் பேனல் வாங்கும்போது மூலத்தை எல்லையில்லாததாக எடுப்பது பாதுகாப்பான பக்கம். ஆனால் அதே எண்ணை ரிலே செட்டிங்குக்கு எடுத்தால் ஆபத்து. வராத கரண்டை வரும் என்று நம்பி இன்ஸ்டன்டேனியஸ் செட்டிங்கை மேலே வைத்துவிடுவோம். நிஜ ஃபால்ட்டில் அது வேலையே செய்யாது, டைம் டிலேயில்தான் திறக்கும். அதுவரை ஆர்க் எரியும்.

தம்பி, நான் கேட்க வந்தது வேறு. அந்த 250 எங்கிருந்து வந்தது? பழைய வரைபடம் என்கிறீர்கள். 11 கே.வி.க்கு 13.1 கிலோ ஆம்பியர் என்றால் சரியாக 250 எம்.வி.ஏ. அது அந்தக் காலத்து 11 கே.வி. பிரேக்கரின் ரேட்டிங். பிரேக்கர் எவ்வளவு தாங்கும் என்பதை யாரோ ஃபால்ட் லெவல் என்று எழுதிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. உங்களுக்கு வரும் சப் ஸ்டேஷனில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் என்ன அளவு, ஃபீடர் எவ்வளவு தூரம்?

மில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், கப்பலூர்

ஐயா, லைன்மேனிடம் கேட்டேன். 110/11 கே.வி., 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். அங்கிருந்து டாக் கண்டக்டரில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். இம்பீடன்ஸ் தெரியவில்லை என்றார். எச்.டி. பிரேக்கர் நேம் பிளேட்டையும் துடைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, 13.1 என்றுதான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற சப் ஸ்டேஷன் இன்ஜினியர், மதுரை

அந்த அளவு டிரான்ஸ்ஃபார்மருக்கு 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். 16-ஐ 0.1-ஆல் வகுத்தால் 160. மேலே இருக்கும் கிரிட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 160-க்கு மேல் வரவே முடியாது. அப்படியிருக்க உங்கள் வாசலில் 250 எப்படி வரும்?

110 கே.வி. பக்கம் 2000 என்று வைத்தால் சப் ஸ்டேஷன் பஸ்ஸில் 148 நிற்கும். டாக் கண்டக்டர் கிலோமீட்டருக்குச் சுமார் 0.45 ஓம், நான்குக்கு 1.8 ஓம். 11-இன் வர்க்கம் 121, அதை 1.8-ஆல் வகுத்தால் லைனுக்கு 67 எம்.வி.ஏ. 148-ம் 67-ம் தொடரில் சேர்ந்தால் உங்கள் 11 கே.வி. பஸ்ஸில் 46 எம்.வி.ஏ.தான். அந்த 46-ஐ 250 இருந்த இடத்தில் போடுங்கள். ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு 18.6 கிலோ ஆம்பியர், கப்ளர் மூடினால் 28.6.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. எம்.வி.ஏ. முறையில் எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் இருப்பதாகக் கூட்டுகிறோம். டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் ரியாக்டன்ஸ், ஓவர்ஹெட் லைனில் ரெசிஸ்டன்ஸ் கணிசமாக உண்டு. இப்படி நேராகக் கூட்டும்போது இம்பீடன்ஸ் கூடுதலாகத் தெரியும், ஃபால்ட் கரண்ட் குறைவாக வரும். பிரேக்கர் தேர்வுக்கு அது தப்பான பக்கம். ரெசிஸ்டன்ஸ், ரியாக்டன்ஸ் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன், 28.6 என்பது 30-ஐ நெருங்குகிறது.

பேனல் போர்டு தயாரிப்பு, மதுரை

அப்படியென்றால் 36 தாங்கும். எதையும் மாற்ற வேண்டாம், இல்லையா?

மோட்டார் ரீவைண்டிங், கப்பலூர்

மோட்டார்களை மறந்துவிட்டீர்கள். ஃபால்ட் ஆன முதல் சில சைக்கிளுக்கு ஓடிக்கொண்டிருக்கும் இன்டக்‌ஷன் மோட்டார்களும் திரும்ப ஊட்டும். ஒவ்வொன்றும் தன் ஃபுல் லோடு கரண்டைப் போல நான்கைந்து மடங்கு தரும். எம்.சி.சி.பி. அந்த நேரத்துக்குள்தானே திறக்கிறது?

மில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், கப்பலூர்

ரிங் ஃப்ரேம் எல்லாம் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன, அவை ஊட்டாது என்று நினைக்கிறேன். ஆனால் ஹ்யூமிடிஃபிகேஷன் ஃபேன், கம்ப்ரசர், ப்ளோ ரூம் மோட்டார்கள் நேரடி லைனில் இருக்கின்றன. மொத்தமாக 800 ஆம்பியர் வரும். நான்கரை மடங்கு என்றால் 3.6 கிலோ ஆம்பியர். 30 என்று வைத்தாலே 34-க்கு அருகில் போகிறது.

ஓய்வுபெற்ற சப் ஸ்டேஷன் இன்ஜினியர், மதுரை

இரண்டும் ஒரே கோணத்தில் சேராது, ஆகவே அதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 36-க்கு எதிரே மிச்சம் இருப்பது இவ்வளவுதான். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 5 சதவீதம் என்பது ஆர்டரில் கேட்டதா, நேம் பிளேட்டில் அடித்ததா என்று பாருங்கள். பத்து சதவீதம் வரை ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு. 4.5 என்று வந்திருந்தால் இன்னும் ஏறும். நாளைக்கு ஈ.பி. 16 எம்.வி.ஏ.வைக் கழற்றிவிட்டு 25 வைக்கலாம், அல்லது பக்கத்திலேயே புது சப் ஸ்டேஷன் வந்து உங்கள் ஃபீடர் ஒரு கிலோமீட்டராகச் சுருங்கலாம். அன்றைக்கு உங்களிடம் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். நான் இருந்தால் இந்தப் பேனலில் கப்ளரை மூடி இரண்டையும் சேர்த்து ஓட்ட அனுமதிக்க மாட்டேன்.

கிரானைட் பாலிஷிங் யூனிட், மேலூர்

எனக்கு அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை என்று படுகிறது. ஒரு நிமிடம்தானே மூடியிருக்கிறது? அந்த நிமிடத்தில் மெயின் பேனல் பக்கத்திலேயே மூன்று ஃபேஸும் சேர வேண்டும், மோட்டார் எல்லாமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற சப் ஸ்டேஷன் இன்ஜினியர், மதுரை

பிரேக்கரை இயக்கும் நிமிடத்தில்தான் பழைய குறைகள் வெளியே வரும். மேலும் அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆள் பேனல் முன்னால் நிற்கிறார். மற்ற நேரமெல்லாம் அந்த அறை பூட்டிக் கிடக்கிறது.

மில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், கப்பலூர்

நேம் பிளேட் பார்த்துவிட்டேன். பழையது 4.93, புதியது 4.71. இரண்டையும் 5 என்று போட்டது என் தவறு. சரியான எண்ணில் மறுபடி போட வேண்டும், 11 கே.வி. ஃபால்ட் லெவலை எழுத்தில் கேட்டு எம்.ஆர்.டி. பிரிவுக்கும் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை சாவி இன்டர்லாக் போடச் சொல்லிவிட்டேன். இன்கமர் இரண்டு, கப்ளர் ஒன்று, ஆக மூன்று பூட்டு, சாவி இரண்டுதான். மூன்றையும் ஒரே நேரத்தில் மூட முடியாது.

நூற்பு மாஸ்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருபத்திரண்டு ஃப்ரேமும் நிற்கும் என்கிறார், அது உண்மைதான். மில் மூடும் நாளில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறேன். எம்.சி.சி.பி. பதினான்கையும் 50 கிலோ ஆம்பியருக்கு மாற்ற என்ன ஆகும் என்று விலையும் கேட்டிருக்கிறேன். ஆனால் பேனலின் பஸ் பார் எவ்வளவு தாங்கும் என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லை. பின்பக்கக் கதவைத் திறந்து சப்போர்ட்டுகளின் இடைவெளியை அளந்து பேனல்காரருக்கு அனுப்பியிருக்கிறேன்.