அல்ஹம்து சூராவில் உஸ்தாத் நிறுத்திக்கொண்டே இருக்கிறார், எனக்கு வித்தியாசமே கேட்கவில்லை

பஷீர்_ஓதல்: அஸ்ஸலாமு அலைக்கும். உஸ்தாத் முன்னால் அல்ஹம்து ஓதினால் ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறார். "எழுத்து மாறுகிறது" என்று அவர் ஓதிக் காட்டுகிறார், நானும் அப்படியே ஓதுகிறேன், ஆனால் திரும்பவும் தப்பு என்கிறார். நாளைக்கு மறுபடி ஓதிக் காட்டணும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

நூருல்: வ அலைக்குமுஸ்ஸலாம். கடைசி ஆயத்தில் வரும் ளாத்தாக இருக்கும். நாக்கின் பக்கவாட்டை மேல் கடைவாய்ப்பல்லோடு ஒட்டிப் பழகுங்கள். எனக்கு அதுதான் பாடாய்ப் படுத்தியது.

ரஹ்மத்_அக்கா: எந்த ஆயத், எந்தச் சொல் என்று சொல்லாமல் எப்படித் தம்பி? அரபி எழுத்தைப் பார்த்து ஓதுகிறீர்களா, தமிழில் எழுதியதைப் பார்த்தா?

மக்ரஜ்_மாணவன்: ஐன்தான். நம்மவர்கள் நஃபுதுவில் ஐனை விழுங்கிவிடுவோம். தொண்டை திறந்தால் மற்ற எழுத்தெல்லாம் தானாக வரும்.

பஷீர்_ஓதல்: மன்னிக்கவும். "இய்யாக", "அன்அம்த", அப்புறம் "யவ்மித்தீன்". தமிழ் எழுத்துப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தது.

தஜ்வீத்_பழையவர்: இதைத்தான் இந்த இழைகளில் வருஷக்கணக்காகச் சொல்கிறேன். தமிழ் எழுத்தில் குர்ஆன் ஓதுகிறவர்கள் முதலில் அலிஃப் பே கற்றுவிட்டு வந்து கேள்வி கேட்கட்டும்.

ரஹ்மத்_அக்கா: அரபி எழுத்தைக் கற்கத்தான் வேண்டும், ஆனால் அதனால் மட்டும் இது போகாது. அரபி பார்த்து நன்றாக ஓதுகிறவர்களிடமும் இதைக் கேட்டிருக்கிறேன், ஏனென்றால் இது நம் நாக்கின் பழக்கம். தமிழில் சொல் நடுவில் தனியாக வரும் க "போக" என்பதில் போலக் குழைந்துவிடும். ம, ன போன்ற மெல்லினத்துக்குப் பின்னால் வரும் த "பந்து" போல அதிரும். இரட்டித்தால் "பத்து" போல வன்மையாகும். தம்பியின் மூன்று இடமும் இந்த மூன்றுதான். "இய்யாக"வில் காஃப் குழைகிறது. "அன்அம்த"வில் அதிர்வில்லாத தே எழுத்து அதிரும் தாலாகிவிடுகிறது. "யவ்மித்தீன்" தலைகீழ்: அங்கே இருப்பது ஷத்து போட்டு இரட்டித்த தால், அதை "பத்து" மாதிரி ஓதினால் அது தே ஆகிவிடும்.

விரலைத் தொண்டைக் குமிழில் வைத்துப் பாருங்கள். "பந்து" சொல்லும்போது நடுவில் அதிர்வு நிற்காது, "பத்து"வில் ஒரு கணம் நிற்கும். "அன்அம்த"வில் மீமோடு அதிர்வு நின்று, தேயில் மூச்சு மட்டும் வெளியே வரவேண்டும். "அன்அம்" என்று உதட்டை மூடி நிறுத்துங்கள், பிறகு "தலை" என்று தொடங்குவது போல "த". இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சேருங்கள். மீமை மூக்கில் இழுக்காதீர்கள், இழுத்தால் அதிர்வு தேக்குள் போய்விடும்.

"இய்யா", பிறகு "கல்" சொல்லும்போது வரும் க. இதிலும் அதே முறைதான், ஆனால் சேர்க்கும்போது பலர் "இய்யாக்க" என்று அழுத்திவிடுவார்கள், அது இல்லாத ஷத்தைப் போடுவது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தால் லேசான மூச்சு படவேண்டும், அவ்வளவுதான்.

மக்ரஜ்_மாணவன்: மூச்சு என்றால் பெரிய காஃபுக்கும் அப்படித்தானே?

ரஹ்மத்_அக்கா: இல்லை, மூச்சு ஓடுவது சின்ன காஃபுக்கு மட்டும். பெரிய காஃபில் அது அடைபடும்.

நூருல்: யவ்மித்தீனில் இரட்டை தால் எப்படி வரும்? எனக்கும் "பத்து"தான் வருகிறது.

ரஹ்மத்_அக்கா: மூக்கைப் பிடித்துக்கொண்டு "பந்து" சொல்லுங்கள். காற்று மூக்கில் போக முடியாததால் ந் போய் அழுத்தமான தால் மிஞ்சும். அந்த நிலையில் நாக்கை ஒரு கணம் வைத்திருந்து "தீன்" விடுங்கள். பழகியதும் மூக்கைப் பிடிக்க வேண்டாம். "ரப்பில் ஆலமீன்" ஓதும்போதும் பே எழுத்து "அப்பா"வின் ப ஆகாமல் பாருங்கள், அதே சங்கதிதான்.

தஜ்வீத்_பழையவர்: அன்அம்தவில் தே தாலானால் அது லஹ்னே ஜலி, வெளிப்படையான பெரிய தப்பு. தொழுகையே கேள்விக்குறி.

மக்ரஜ்_மாணவன்: முயற்சி செய்தும் நாக்கு வராதவருக்கும் அதே சட்டமா? பயமுறுத்தாதீர்கள் பாய்.

தஜ்வீத்_பழையவர்: கற்க வசதி இருந்தும் கற்காதவரைச் சொல்கிறேன்.

ரஹ்மத்_அக்கா: சட்டத்தை அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். தம்பி, போனில் பதிவு செய்து பாதி வேகத்தில் கேளுங்கள், அதிர்வு நிற்கிறதா என்று காதுக்கே தெரியும்.

நூருல்: "குன்தும்" மாதிரி இடத்தில் நூனை மறைத்து இஃக்ஃபா செய்யும்போது மூக்கில்தானே இழுக்கிறோம், அப்போது தே மெலியாதா?

மக்ரஜ்_மாணவன்: கொஞ்சம் மெலியும், அது இயல்பு என்றுதான் எங்கள் வகுப்பில் சொன்னார்கள்.

ரஹ்மத்_அக்கா: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூக்கில் இழுக்கும் அந்தக் குன்னாவை முழுசாகக் கொடுங்கள், ஆனால் தே தொடங்குமுன் அதை முடித்துவிடுங்கள்.

பஷீர்_ஓதல்: ஓதிக் காட்டினேன். இய்யாக, யவ்மித்தீன் சரி என்றார். அன்அம்த நிதானமாக ஓதினால் சரியாக வருகிறது, வேகம் கூடினால் திரும்பவும் பந்து. ஜஸாகல்லாஹு ஹைரன்.

மக்ரஜ்_மாணவன்: குன்தும் பற்றி உங்கள் உஸ்தாத் என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.