சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் போன் தெரியவில்லை

தேனிக்காரி

அக்காவின் வளைகாப்புப் படங்கள் என் போனில்தான் இருந்தன. ஆல்பம் போடுகிறவர் பென் டிரைவில் கேட்டிருந்தார். லேப்டாப்பில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, அவ்வளவுதான். 'This PC'யைத் திறந்தால் சி, டி மட்டும். போனில் 'File transfer' கேட்குமே, அந்த அறிவிப்பும் வரவில்லை. வீட்டில் கிடந்த மூன்று கேபிளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றிலும் அதே மின்னல் குறி, லேப்டாப் வாயே திறக்கவில்லை.

பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். "சாஃப்ட்வேர்தான்மா, ரீசெட் பண்ணினா சரியாயிடும்" என்றார். படத்தைக் காப்பி எடுக்கத்தானே வந்தேன் என்று தொண்டைவரை வந்தது, கேட்கவில்லை. எல்லாவற்றையும் அழிக்கவா என்று போன் ஒரு தடவை கேட்டது. நானே அழுத்தினேன். அந்த ஒரு நொடிதான் இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து அதே கேபிளைச் செருகினால் அதே கதை. மறுநாள் எதிர்வீட்டுப் பையன் அவனுடைய கேபிளைக் கொடுத்தான். செருகினதும் லேப்டாப் டிங் என்றது! உறவினர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்த நாற்பது படம்தான் மிச்சம். அப்புறம்தான் யோசித்தேன்: என் மூன்று கேபிளில் ஒன்று டிரிம்மரோடு வந்தது, ஒன்று நெக்பேண்டோடு வந்தது, ஒன்று பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. போனோடு வந்த கேபிள் எப்போதோ தொலைந்துவிட்டது.

சால்டரிங்_மணி

பதினோரு வருஷமாக போன் சர்வீஸ் செய்கிறேன். உங்கள் கதையைப் படித்து வயிறு எரிகிறது. ரீசெட் என்பது கடைசியில் செய்வது, முதலில் செய்வதல்ல.

என்னிடம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். போன் போர்ட் போய்விட்டது, மாற்றுங்கள் என்றான். அவன் கேபிளை வாங்கி அங்கேயே கட்டரால் வெட்டினேன். முகம் வெளுத்துவிட்டது பையனுக்கு. உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அவ்வளவுதான். சாதாரண கேபிளில் இதோடு வெள்ளையும் பச்சையும் இருக்கும். மின்சாரம் போவது சிவப்பு, கறுப்பில். பேச்சு நடப்பது வெள்ளை, பச்சையில். அந்த இரண்டும் இல்லாவிட்டால், எதிரே இருப்பது கம்ப்யூட்டரா சுவரில் மாட்டிய சார்ஜரா என்றே போனுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு அறிவிப்பு வரவில்லை.

வெட்டாமலே கண்டுபிடிக்கலாம். செருகும்போது விண்டோஸ் ஒலி எழுப்புகிறதா என்று கேளுங்கள் (ஸ்பீக்கரை மியூட்டில் வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்). சத்தமே இல்லை, ஆனால் சார்ஜ் ஏறுகிறது என்றால் கோளாறு கேபிளில் அல்லது போனின் வாயில். சத்தம் வந்து போன் தெரியவில்லை என்றாலோ, திறந்தால் காலியாக இருந்தாலோ கேபிளை விடுங்கள், போனைத் திறந்து அறிவிப்பைத் தட்டி 'File transfer' கொடுங்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்ட் 6 முதல், செருகினால் வெறும் சார்ஜ்தான். நாம் சொன்னால்தான் கோப்பைக் காட்டும். 'USB device not recognized' என்று வந்தால் அது மூன்றாவது ரகம். பேச ஆரம்பித்துப் பாதியில் குழறுகிறது என்று அர்த்தம். நைந்த கேபிள், ஆடுகிற போர்ட், சில நேரம் டெஸ்க்டாப்பின் முன்பக்க சாக்கெட். பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள்.

போனின் வாய் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். சட்டைப்பை பஞ்சு உள்ளே போய் அடியில் இறுகிவிடும். பிளக் முழுசாக இறங்காது. டைப்-சியில் மின்சாரத்துக்கு நிறைய பின் உண்டு, ஒன்றிரண்டு ஒட்டினாலும் சார்ஜ் ஏறிவிடும். பேச்சுக்கான பின் கொஞ்சம்தான், அது ஒட்டவில்லை என்றால் போச்சு. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டவே வேண்டாம். இன்னொன்று, டைப்-சி பிளக்கைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். ஒரு பக்க பின் தேய்ந்த போன்கள் மறுபக்கம் திருப்பினால் வேலை செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கணக்கர்_72

எல்லாரும் கேபிளையே சொல்கிறீர்கள். கேபிள் கேபிள் என்று நான் ஐந்து கேபிள் வாங்கினேன், பலன் இல்லை. பிரச்சினை டிரைவர். எங்கள் அலுவலகத்தில் பழைய விண்டோஸ் 7. ஜிஎஸ்டி கடைசி நாள், பில் எல்லாம் என் போனில் படமாக இருக்கிறது. செருகினால் டிங் என்கிறது, போன் வரவில்லை. மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

Device Manager-இல் மஞ்சள் முக்கோணம். வலது கிளிக், Update driver, Browse my computer, அதில் Let me pick என்று தொடங்கும் வரி, பட்டியலில் Portable Devices, அதற்குள் MTP USB Device. எச்சரிக்கை வந்தது, Yes கொடுத்தேன். போன் வந்துவிட்டது. யாருக்கு இந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். முடியாவிட்டால் நெட்டில் டிரைவர் பேக் கிடைக்கும், மொத்தமாக இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

சால்டரிங்_மணி

ஐயா, உங்களுக்கு டிங் வந்திருக்கிறது. அதாவது கேபிள் சரி. தேனிக்காரிக்கு வரவேயில்லை. வெள்ளையும் பச்சையும் இல்லாத கேபிளை மாட்டினால் Device Manager-இல் மஞ்சள் முக்கோணம்கூட வராது, எதற்கு டிரைவர் போடுவது? நீங்கள் செய்தது உங்கள் கேஸுக்குச் சரியான வேலை. ஆனால் டிரைவர் பேக்கை யாருக்கும் சொல்லாதீர்கள். அதை இறக்கிவிட்டு பிரவுசர் முழுக்க விளம்பரத்தோடு என்னிடம் வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். விண்டோஸ் 10, 11-இல் இந்த டிரைவர் உள்ளேயே இருக்கிறது.

கணக்கர்_72

உள்ளேயே இருந்தால் என் மருமகனின் விண்டோஸ் 10-இல் ஏன் வரவில்லை?

பெங்குவின்_பித்தன்

மருமகனுடைய விண்டோஸ் பெயரின் கடைசியில் N என்று இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பாவில் வாங்கிய லேப்டாப்பில் இருக்கலாம். அதில் மீடியா சமாச்சாரங்களை எடுத்திருப்பார்கள், அவற்றோடு போன் கோப்பைக் காட்டுகிற எம்டிபியும் போய்விடும். Settings-இல் Optional features போய் Media Feature Pack போட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

நான் லினக்ஸ். எனக்கு டிங்கும் இல்லை டாங்கும் இல்லை. இதை ஓடவிட்டு கேபிளைச் செருகுவேன்:

```
sudo dmesg -w
```

ஒரு வரிகூட நகரவில்லை என்றால் கேபிளைக் குப்பையில் போடுவேன். போன வருஷம் மாமியார் வீட்டில் ஒரு டிராயர் கேபிளையும் இப்படி உட்கார்ந்து பிரித்தேன். பதினேழில் ஆறுதான் பேசின. மிச்சம் பதினொன்றுக்கும் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். மாமியார் இன்றுவரை அது ஏதோ திருஷ்டிக் கயிறு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ரோஜா_மொட்டு

எனக்கும் இதே பிரச்சினை. லேப்டாப்பில் போட்டால் சார்ஜ் ரொம்ப மெதுவாக ஏறுகிறது, மூன்று மணி நேரம் ஆகிறது. கேபிள் மாற்றினால் சரியாகுமா?

பெங்குவின்_பித்தன்

இங்கே பேசுவது அது இல்லை. இருந்தாலும்: சாதாரண யூஎஸ்பி 2 போர்ட்டின் வழக்கமான அளவு 500 மில்லி ஆம்பியர்தான், அதாவது 2.5 வாட். போனோடு வந்த சார்ஜர் அதைப்போல பல மடங்கு கொடுக்கும். கேபிள்மேல் பழி போடாதீர்கள்.

நாகை_அனந்தி

கேபிளும் நல்ல கேபிள், கம்ப்யூட்டரும் டிங் என்றது. ஆனாலும் எடுக்க முடியவில்லை. அப்பா போனை வாசற்படியில் போட்டுவிட்டார். திரை தெரிகிறது, ஆனால் தொட்டால் அசையாது. செருகினால் கம்ப்யூட்டரில் போன் பெயர் வருகிறது, உள்ளே காலி. 'File transfer' அறிவிப்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, தட்ட முடியவில்லை.

தம்பி ஒரு ஓடிஜி அடாப்டர் வாங்கி வந்து, வீட்டு மவுஸை போனில் மாட்டினான். அப்பா போன் திரையில் குட்டி அம்புக்குறி வந்தது பாருங்கள், மூன்று பேரும் கத்திவிட்டோம்! அப்பாவின் பேட்டர்னை மவுஸால் இழுத்துத் திறந்தோம். ஆனால் இருப்பது ஒரே வாய். மவுஸைக் கழற்றினால்தான் கேபிள் மாட்ட முடியும், கழற்றினால் தட்ட முடியாது. அரை மணி நேரம் இப்படியே மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் வழி கிடைத்தது. மவுஸ் இருக்கும்போதே About phone போய் Build number-ஐ ஏழு தடவை கிளிக் செய்தோம். Developer options வந்தது. அதில் Default USB configuration என்று ஒன்று, அதை 'File transfer' ஆக்கினோம். அப்படியும் போன் திறந்திருந்தால்தான் காட்டும் என்றது. சரி என்று திரைப் பூட்டை Swipe-க்கு மாற்றினால், இழுக்க விரல் வேலை செய்ய வேண்டுமே! மறுபடி மவுஸ், மறுபடி செட்டிங்ஸ், பூட்டை None ஆக்கினோம். பிறகு மவுஸைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்தி, கேபிளைச் செருகினோம். DCIM திறந்தது. அப்பா எடுத்ததில் பாதி அவருடைய கட்டைவிரல் படம், அது வேறு விஷயம்.

கணக்கர்_72

திரை கறுப்பாகிவிட்டால் இது நடக்குமா? என் பழைய போன் ஒன்று அப்படித்தான் கிடக்கிறது.

நாகை_அனந்தி

அம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எப்படி அண்ணா தட்டுவது? எங்களுக்குத் திரை தெரிந்தது.

சால்டரிங்_மணி

கறுப்புத் திரைக்கு முதலில் டிஸ்ப்ளே மாற்றுவதுதான் வழி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறு போன் வாங்கிக்கொள்ளலாம். டைப்-சி வழியாக டிவிக்குப் படம் அனுப்பும் போன்களில் வேறு வழி உண்டு, எல்லாப் போனும் அனுப்பாது. அனந்தி, வேலை முடிந்ததும் பூட்டைத் திரும்பப் போட்டீர்களா?

நாகை_அனந்தி

...இப்போது போடுகிறேன்.

தேனிக்காரி

மணி அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு மூன்று கேபிளையும் இன்று காலை அரிவாள்மனையில் நறுக்கினேன். டிரிம்மரிலும் நெக்பேண்டிலும் சிவப்பு, கறுப்பு மட்டும்தான். ஆனால் பஸ் ஸ்டாண்ட் கேபிளில் நான்கும் இருக்கின்றன, வெள்ளை, பச்சை எல்லாம். அப்படியென்றால் அது ஏன் பேசவில்லை?

சால்டரிங்_மணி

பிளக்கோடு சேருகிற இடத்தில் பற்றவைத்திருக்க மாட்டார்கள், இல்லையென்றால் நடுவில் அறுந்திருக்கும். மல்டிமீட்டர் வைத்தால் சொல்லியிருப்பேன். இப்போது நறுக்கிவிட்டீர்களே.